தரம் 5 வகுப்பாசிரியைக்குத் தங்க மோதிரம் கொடுக்கலாமா?

தாரணி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இந்த முறை புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். வகுப்பில் 36 பிள்ளைகள். பெரும்பாலானோர் நன்றாகச் செய்திருக்கிறார்கள். அதற்கு வகுப்பாசிரியைதான் காரணம் என்பதில் பெற்றோர் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தரம் 3 இல் பிள்ளைகளைக் கையேற்றவர், பாடசாலை விட்ட பிறகும் தங்கி வினாத்தாள் செய்வித்தார். அதற்காக ஒரு சதமும் வாங்கவில்லை.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தன்று அவருக்கு அரைப் பவுனில் ஒரு மோதிரம் கொடுப்பது என்று பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் முடிவாகியிருக்கிறது. தலைக்கு 5,000 ரூபா, மொத்தம் 180,000 ரூபா. பணம் கட்டியவர்களின் பெயருக்கு எதிரே பச்சை அடையாளம் போட்டு ஒவ்வொரு இரவும் பட்டியல் வருகிறது. இரண்டு தாய்மார் ஒரு சொல்லும் சொல்லாமல் குழுவை விட்டு விலகிவிட்டார்கள்.

எனக்குக் கொடுக்க வசதி இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி இது எப்படி இலஞ்சம் ஆகும் என்று கணவர் கேட்கிறார். என்னிடம் சரியான பதில் இல்லை. இது அரசாங்கப் பாடசாலை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: என் மகன் அதே பாடசாலையில் தரம் 2 படிக்கிறான். ஜனவரியில் தரம் 3. ரீச்சரும் ஜனவரியில் தரம் 3 க்குத் திரும்புவார். எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்பது இன்னும் முடிவாகவில்லை.

கொட்டாஞ்சேனை_ரவி

தங்கச்சி, வீணாகக் குழம்ப வேண்டாம். காரியம் ஆவதற்கு முன்னால் கொடுத்தால்தான் இலஞ்சம். முடிந்த பிறகு கொடுப்பது நன்றி. புலமைப்பரிசில் விடைத்தாளைத் திருத்துவது பரீட்சைத் திணைக்களம், உங்கள் ரீச்சர் இல்லை. பெறுபேறும் வந்துவிட்டது. இனி அவர் உங்களுக்கு என்ன செய்து தர முடியும்? மேலும் ஆளுக்கு 5,000 ரூபா என்பது இன்றைய கொழும்பில் ஒரு குடும்பம் வெளியே போய் ஒரு வேளை சாப்பிடும் காசு. அந்தக் காசுக்கு எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கூப்பிடாது. குருவுக்குத் தட்சணை வைப்பது எங்கள் முறைதானே?

செட்டியார்தெரு_மருமகன்

எங்களுடையது நகைக்கடை என்பதால் ஒரு கேள்வி. ரீச்சரின் விரல் அளவு யாருக்காவது தெரியுமா? ஆசிரியர் தின மோதிரம் என்று வருகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் பில் வேண்டும். பில் ஏற்பாட்டாளரின் பெயரில் இருக்கும். ஆகவே வாங்கிய ரீச்சரே பெற்றோர் ஒருவரிடம் போய்ப் பில் கேட்க வேண்டியிருக்கும். மாற்றும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும். நீங்கள் கொடுக்கிற 180,000 ரூபாவும் அப்படியே அவர் கைக்குப் போகாது.

பழைய_சட்ட_எழுத்தர்

ரவி சொன்னதில் ஒன்று சரி: பரீட்சைப் புள்ளியில் வகுப்பாசிரியைக்குக் கை இல்லை. மற்றது சரியில்லை.

முன்னால் கொடுத்தால் மட்டுமே குற்றம் என்பது எங்கள் ஊரில் வேரோடிப் போன எண்ணம். 1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. அரச ஊழியர் தன் கடமையைச் செய்வதற்குத் தூண்டுதலாகக் கொடுப்பதையும், செய்து முடித்ததற்கு வெகுமதியாகக் கொடுப்பதையும் அது ஒரே இடத்தில்தான் வைத்தது. பணம் மட்டுமல்ல, பரிசும் கடனும் சலுகையும் அதற்குள் வந்தன. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும், வரம்பை விரித்ததே தவிரக் குறைக்கவில்லை. அது 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியை அரச ஊழியர்தான். தொகை சிறியது என்பதும் காப்பாற்றாது. சில ஆயிரம் ரூபாவுக்காகப் பிடிபட்ட அரச ஊழியர்களைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி வாசிக்கிறோமே.

இதைச் சொல்வதால் ஆசிரியர் தினத்துக்கு இலஞ்ச ஆணைக்குழுவினர் வாசலில் வந்து நிற்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நன்றிக்காகக் கொடுக்கிற பூவையும் பேனையையும் யாரும் துரத்துவதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். நீங்கள் ஒவ்வொருவரும் 5,000 ரூபாவை மட்டும் பார்க்கிறீர்கள். வாங்குகிறவரின் கையில் விழுவது 180,000 ரூபா. ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவரின் மாதச் சம்பளத்தையே தாண்டுகிற பொருள் அது. கொடுப்பவர் பலர் என்பதால் வாங்கியது சிறியதாகிவிடாது.

தாரணி, உங்கள் கேள்வியின் முடிச்சு கடைசி வரியில் இருக்கிறது. மகளுடைய காரியம் முடிந்துவிட்டது, மகனுடையது இனித்தான் தொடங்குகிறது. வகுப்பில் 36 குடும்பங்கள் இருந்தாலும் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. தம்பி தங்கை இல்லாத குடும்பத்துக்கு இது கடந்த காலத்துக்கான நன்றி. உங்களைப் போல அதே பாடசாலையில் இன்னொரு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது ஜனவரியைப் பார்த்துக் கொடுப்பதாகத்தான் தெரியும். நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும், மகன் அந்தப் பிரிவுக்குப் போனால் பார்க்கிறவர் அப்படித்தான் நினைப்பார்.

மிருதுளாவின்_அம்மா

குருவுக்குக் கொடுப்பதற்கு இவ்வளவு பயமா? என் மகளுடைய அரங்கேற்றத்தின்போது பட்டுச்சேலை, பழத்தட்டு, அதோடு ஒரு சங்கிலியும் வைத்துக் குருவுக்குக் கொடுத்தோம். மேடையில், எல்லோரும் பார்க்கக் கொடுத்தோம். யாரும் தவறாகப் பேசவில்லை. மறைத்துக் கொடுத்தால்தான் பிழை. பகிரங்கமாகக் கொடுங்கள், ஒரு பிரச்சினையும் வராது.

பழைய_சட்ட_எழுத்தர்

அம்மா, உங்கள் குரு உங்களிடம் கட்டணம் வாங்கிக் கற்பிப்பவர். உங்கள் மகளுக்கு அவர் கூடுதல் கவனம் கொடுத்தால் அரசாங்கத்தின் சம்பளத்தில் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நேரம் குறையவில்லை. அது வேறு உறவு. பகிரங்கமாகக் கொடுப்பது நல்ல சோதனைதான், ஆனால் அது மட்டும் போதாது. பச்சை அடையாளப் பட்டியலும் பகிரங்கமானதுதான்.

இளைப்பாறிய_ரீச்சர்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆரம்பப் பிரிவில் கற்பித்தவள் நான். வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆசிரியர் தினத்தன்று காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து வெற்றிலை கொடுத்துக் காலில் விழுந்து கும்பிடுவார்கள். சிலர் வீட்டு வாசலில் பறித்த செவ்வரத்தம் பூவைக் கொண்டு வருவார்கள். அதில் எந்த ஆசிரியைக்கும் சங்கடம் இல்லை. சங்கடம், வெற்றிலைக்குள்ளே உறை இருக்கும்போது தொடங்குகிறது. ஒரு முறை எனக்கு அப்படி வந்தது. பிள்ளை வெற்றிலையை நீட்டுகிறது, உள்ளே தடிப்பாக ஏதோ கையில் படுகிறது. பிள்ளைக்கு உள்ளே இருப்பது தெரியாது. அதன் முன்னால் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை அழும். வாங்கி மேசையில் வைத்தால் ஆசிரியர் அறையில் இருக்கிற எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிலையை வைத்துக்கொண்டு, உறையை அன்றே அதிபரின் அறைக்குக் கொண்டுபோய், தாயை அழைத்து அதிபர் முன்னால் திருப்பிக் கொடுத்தேன். தாய்க்குக் கோபம். ஒரு தவணை முழுக்க என்னோடு பேசவில்லை. கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை: மறுப்பதன் பாரம் முழுவதும் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. 36 பேர் சேர்ந்து கொடுப்பதை மறுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெற்றோர் சேர்க்கிற பட்டியல் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். இப்படி ஒரு சேர்ப்பு நடந்த ஆண்டில் ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்து, காதோடு, "ரீச்சர், அம்மா சம்பளம் வந்ததும் தருவார்" என்றது. எனக்கு என்ன என்றே புரியவில்லை. பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் கேட்டுத்தான் பணம் சேர்ப்பதை அறிந்தேன். அந்தக் குழுவை விட்டுப் போன இரண்டு தாய்மாரின் பிள்ளைகள் ஒக்டோபர் 6 அன்று எந்த முகத்தோடு வரிசையில் நிற்பார்கள்?

மோதிரத்தால் இன்னொரு வினை. இப்போது தரம் 4 இல் இருக்கும் பெற்றோர் அதைக் கேள்விப்படுவார்கள். அடுத்த ஆண்டு அரைப் பவுன் என்பது தொடக்க விலையாகிவிடும். பக்கத்துப் பிரிவில் அதே அளவு உழைத்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவருக்கு ஒரு பூமாலையோடு முடிந்துவிடும்.

என்ன கொடுக்கலாம் என்றுதானே கேட்கிறீர்கள். எனக்குக் கிடைத்தவற்றில் உண்மையாகவே பயன்பட்டது ஒரு கடிதம். ஒரு தந்தை அதிபருக்கு எழுதி, பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பி, அதை என் தனிப்பட்ட கோவையில் சேர்க்கும்படி கேட்டிருந்தார். "நல்ல ஆசிரியை" என்று பொதுவாகப் புகழ்ந்திருந்தால் அதை யாரும் இரண்டாம் முறை வாசித்திருக்க மாட்டார்கள். தன் மகன் தரம் 3 இல் கொம்பு எழுத்துகளை இடம் மாற்றி எழுதிக்கொண்டிருந்தான் என்பதையும், நான் அவனுக்கு மணலில் எழுத வைத்து அதைத் திருத்தியதையும், அது நடந்த மாதத்தையும் எழுதியிருந்தார். நேர்முகப் பரீட்சை ஒன்றில் அந்தக் கோவையைத் திறந்தவர்கள் முதலில் கேட்டது அந்த மணலைப் பற்றித்தான். மோதிரத்தை எந்த நேர்முகத்திலும் காட்ட முடியாது.

கொட்டாஞ்சேனை_ரவி

ரீச்சர் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் கடிதத்தால் அடுப்பு எரியாது. இலவசமாக மேலதிக வகுப்பு எடுத்தவருக்குக் காகிதம், காசு வாங்கி ரியூஷன் கொடுப்பவருக்கு மாதா மாதம் பணம். இது என்ன நியாயம்?

இளைப்பாறிய_ரீச்சர்

நியாயம் இல்லைதான் தம்பி. அதற்கு அரசாங்கத்திடம் சம்பளத்தைக் கேட்க வேண்டும். 36 வீட்டில் பணம் சேர்த்து ஈடு செய்ய முடியாது. அப்படி ஈடு செய்யத் தொடங்கினால், அடுத்த ஆண்டு பாடசாலை விட்ட பிறகு தங்கிப் படிப்பிக்கிற ரீச்சரைப் பார்த்து "மோதிரத்துக்காகத்தான் தங்குகிறார்" என்று சொல்வார்கள்.

ஆய்வு_மாணவன்

இடையில் என் கேள்வி. நான் முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை. மேற்பார்வையாளர் என் வரைவுகளை நான்கு முறை வரிக்கு வரி திருத்தித் தந்தவர். தீபாவளி வருகிறது. ஒரு நல்ல பேனையும் இனிப்புப் பெட்டியும் கொண்டுபோகலாமா? அவர் தேர்வாளர் இல்லை.

பழைய_சட்ட_எழுத்தர்

தேர்வாளர் இல்லாவிட்டாலும், தேர்வாளர்களின் பெயரைப் பரிந்துரைப்பதில் மேற்பார்வையாளருக்குப் பங்கு இருப்பது வழக்கம். பிறகு திருத்தங்களை ஏற்றுக் கையெழுத்திடுவதும் பெரும்பாலும் அவர்தான். ஆகவே பேனையைப் பெறுபேறு உறுதியான பிறகு கொடுங்கள். தீபாவளிக்கு இனிப்புக் கொண்டுபோவதானால் பெட்டியைத் துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வையுங்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கடைசியில் கட்டிய ஆய்வேட்டின் ஒரு பிரதியை, முதல் பக்கத்தில் உங்கள் கையால் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அதைத்தான் அவர்கள் அலுமாரியில் வைத்திருப்பார்கள்.

ஆய்வு_மாணவன்

நன்றி ஐயா. ஆனால் எங்கள் துறையில் மற்ற மாணவர்கள் எல்லோரும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் வீட்டுக்கே போகிறார்கள். நான் மட்டும் போகாவிட்டால் அதுவும் கண்ணில் படாதா?

பழைய_சட்ட_எழுத்தர்

படும். போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு போனதற்காக ஒரு மேற்பார்வையாளர் முகம் சுளித்தால், அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

சர்வதேசப்_பாடசாலை_அப்பா

எங்கள் பிள்ளைகள் படிப்பது தனியார் சர்வதேசப் பாடசாலை. ஆசிரியர் அரச ஊழியர் இல்லை. ஆகவே இந்தத் தலைவலி எங்களுக்கு இல்லை, சரிதானே? போன ஆண்டு நாங்கள் ஆளுக்கு 10,000 ரூபா கடைப் பரிசு வவுச்சர்களாகக் கொடுத்தோம்.

பழைய_சட்ட_எழுத்தர்

சரி என்று சொல்ல மாட்டேன். 2023 ஆம் ஆண்டின் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. உங்கள் பாடசாலைக்குப் பரிசு பற்றிய தன் சொந்த விதியும் இருக்கக்கூடும், அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பரிசு வவுச்சர் என்பது வேட்டி கட்டிய காசு. அதில் தொகை அச்சடித்திருக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஆசிரியர் விரும்பாவிட்டாலும் மறக்க முடியாது.

தாரணி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

குழுவில் எழுதவில்லை. எழுதினால் சண்டையாகும் என்று ஏற்பாட்டாளரை நேரில் சந்தித்தேன். இலஞ்சம் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. விரல் அளவையும் பில்லையும் பற்றித்தான் பேசினேன் (மருமகனுக்கு நன்றி). பிறகு மெதுவாக, வெளியேறிய இரண்டு தாய்மாரைப் பற்றிக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. அன்றிரவு பட்டியல் வரவில்லை.

இப்போது பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டிருப்பது இது. தலைக்கு 300 ரூபாவுக்கு மேல் இல்லை. முடியாதவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. மூடிய தகரப் பெட்டி ஒன்று ஒரு வீட்டில் இருக்கும், யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்று எழுதப்போவதில்லை. எல்லோரும் போட்டாலும் 10,800 ரூபாதான். அதில் ரீச்சர் பாடசாலைக்கு உடுத்தக்கூடிய ஒரு கைத்தறிச் சேலை. மிச்சத்துக்கு வகுப்பு நூலகத்துக்குச் சிறுவர் கதைப் புத்தகங்கள். அவற்றை அதிபரிடம் பட்டியலோடு ஒப்படைப்போம், புத்தகங்கள் பாடசாலைக்குச் சொந்தம். பிள்ளைகள் 36 பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, அதைக் கட்டிக் கொடுப்பார்கள். பணம் கொடுக்காத வீட்டுப் பிள்ளையின் பக்கமும் அதில் இருக்கும்.

நான் தனியாக அதிபருக்குக் கடிதம் எழுதுகிறேன். ஆனால் மகனின் பிரிவு முடிவான பிறகுதான் கொடுப்பேன். அந்தக் கடிதமும் இப்போது போனால் அதே கேள்விதான் வரும் என்று கணவர் சொன்னார். முதலில் பரீட்சை முடிந்துவிட்டதே என்று சொன்ன அதே மனிதர்!

ஒன்று மட்டும் தீரவில்லை. ஏழு பெற்றோர் தாங்கள் தனியாகச் சேர்ந்து மோதிரம் வாங்கப் போவதாகச் சொல்கிறார்கள். வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

இளைப்பாறிய_ரீச்சர்

அந்த ஏழு பேரில் எத்தனை பேருக்குக் கீழ் வகுப்பில் பிள்ளை இருக்கிறது?

தாரணி_வெள்ளவத்தை

எனக்குத் தெரிந்து நான்கு பேருக்கு.

இளைப்பாறிய_ரீச்சர்

அப்படியானால் யாராவது ரீச்சருக்கு முன்கூட்டியே ஒரு சொல் போட்டு வைப்பது நல்லது. முகத்துக்கு நேரே பெட்டியைத் திறந்த பிறகு மறுப்பதைவிட, "பெற்றோரிடமிருந்து தனிப்பட்ட பரிசு வாங்குவதில்லை" என்று ஆசிரியர் தினத்துக்கு முன்னரே அவர் வகுப்புக்கு அறிவித்துவிட்டால் எல்லோருக்கும் மானம் மிஞ்சும். நான் கடைசிப் பத்து ஆண்டுகளும் செப்டெம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிடுவேன்.

கொட்டாஞ்சேனை_ரவி

நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. 300 ரூபாச் சேலையும் 5,000 ரூபா மோதிரமும் ஒரே நன்றிதான், அளவு மட்டும்தான் வேறு. எங்கே கோடு போடுகிறீர்கள் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. 300 சரியென்றால் 500? 1,000?

பழைய_சட்ட_எழுத்தர்

தொகையால் கோடு போட்டால் நீங்கள் நாளைக்கே அதற்கு ஒரு ரூபா குறைவாகக் கொண்டு வருவீர்கள். பரிசைத் திருப்பிக் கொடுக்க ரீச்சருக்கு வழி இருக்கிறதா, கொடுக்காதவரின் பிள்ளைக்கு ஏதாவது நேருமா, கொடுப்பவருக்கு அவரிடம் இன்னும் ஏதாவது காரியம் பாக்கி இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்றால் 300 ரூபாவையும் யோசித்துத்தான் கொடுப்பேன். தாரணி தன் பங்கைப் புத்தகத்துக்கு மட்டும் போட்டால் நன்று என்பது என் எண்ணம். அவர் ஒப்புக்கொள்வாரோ தெரியாது.

மிருதுளாவின்_அம்மா

ஒரு சந்தேகம். என் இரண்டாவது மகள் அடுத்த ஆண்டு நடனப் பரீட்சை எழுதுகிறாள். பரீட்சகராக வருபவர் எங்கள் குருவின் தோழி. அரங்கேற்றத்துக்கு அவரையும் பிரதம விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்று குரு சொல்கிறார். இதுவும் வேறு உறவுதானா?

செட்டியார்தெரு_மருமகன்

அம்மா, அந்தக் கேள்விக்குத் தனி இழை திறக்க வேண்டும்.

தாரணி அக்கா, அந்த ஏழு பேரும் எங்கள் கடைக்கு வந்தால் நான் மோதிரத்தை விற்பேன், கடைக்காரன் வேறு என்ன செய்வது? பில்லில் யாருடைய பெயரை எழுதச் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வைக்கிறேன்.